நைட்ரஜன் வாங்க மறுத்த இரண்டு பங்கு

நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அதில் ஒரு மோல், அதாவது 28 கிராம், எடுத்து இறுக மூடிய இரும்புக் கலனில் அடைத்துச் சூடாக்குவோம். அறை வெப்பநிலையில் அதை ஒரு டிகிரி உயர்த்த 20.8 ஜூல் வெப்பம் போதும். பார்க்கச் சாதுவான எண்தான். ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் இயற்பியலால் இந்த எண்ணுக்குக் காரணம் சொல்ல முடியவில்லை.

அன்றைய கணக்கு இப்படி. வாயுவுக்குக் கொடுக்கும் வெப்பத்தை அதன் மூலக்கூறுகள் தங்கள் இயக்கங்களுக்குள் சரிசமமாகப் பிரித்துக்கொள்கின்றன. இதற்கு ஆற்றல் சமபங்கீட்டு விதி என்று பெயர். ஒரு பங்கின் அளவு, மோலுக்கு டிகிரிக்கு 4.16 ஜூல். நைட்ரஜன் மூலக்கூறு இரண்டு அணுக்கள் கோத்த ஒரு சிறு கம்பி மாதிரி. அது மூன்று திசைகளில் நகரலாம். அதற்கு மூன்று பங்கு. இரண்டு விதமாகக் குட்டிக்கரணம் போட்டுச் சுழலலாம், அதற்கு இரண்டு. ஆக ஐந்து பங்கு, 20.8 ஜூல். அளந்த எண்ணோடு அப்படியே பொருந்துகிறது.

சிக்கல் என்னவென்றால், அணுக்களைக் கோத்திருக்கும் பிணைப்பு விறைத்த கம்பி அல்ல, ஒரு சுருள்வில். இரு அணுக்களும் விலகி விலகி நெருங்கி அதிர முடியும். ஊஞ்சலில் வேகம் ஒரு நேரம், உயரம் ஒரு நேரம் என்று ஆற்றல் மாறி மாறி இருப்பதுபோல, அதிர்விலும் இயக்க ஆற்றல், நிலை ஆற்றல் என இரண்டு உண்டு. எனவே அதற்கு மேலும் இரண்டு பங்கு சேரவேண்டும். ஏழு பங்கு என்றால் 29.1 ஜூல் ஆகியிருக்க வேண்டும். அந்த 8.3 ஜூல் எங்கே போயிற்று? ஒலி வேகமும் ஐந்துக்கே சாட்சி சொல்கிறது. 27 டிகிரி செல்சியஸில் காற்றில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 347 மீட்டர் போகிறது. ஏழு பங்கு உண்மையானால் 333 மீட்டர்தான் போயிருக்கும்.

மூலக்கூறுக் கொள்கை சந்தித்த மிகப்பெரிய இடர்ப்பாடு இதுதான் என்று ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1875-இல் லண்டனில் ஆற்றிய உரையில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். சமபங்கீட்டு விதியை வளர்த்தவர்களில் ஒருவரே அவர். விதியைக் காப்பாற்ற அளவீட்டைக் குறை சொல்லாமல் விட்டாரே, அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

விடை குவாண்டம் கொள்கையோடு வந்தது. அதிர்வு ஆற்றலைச் சில்லறையாக வாங்க முடியாது. மூட்டை மூட்டையாகத்தான் கிடைக்கும். மூட்டையின் விலையை வெப்பநிலைக் கணக்கிலேயே சொல்லலாம்: நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 3,370 கெல்வின். அறை வெப்பநிலை 300 கெல்வின். இதை ரூபாயாக நினைத்துக்கொள்ளுங்கள். சமபங்கீட்டின்படி அதிர்வுக்குச் சேரவேண்டிய இரண்டு பங்கும் சேர்ந்து 300 ரூபாய். கடையில் மூட்டையோ 3,370 ரூபாய். பிரித்து விற்பதில்லை, கடனும் இல்லை. மோதல்களில் ஆற்றல் கைமாறும்போது யாரோ ஒரு மூலக்கூறின் கையில் பெருந்தொகை சேரும். அப்படி ஒரு மூட்டை வாங்கியவை முக்கால் லட்சத்தில் ஒன்றுதான். ஒரு டிகிரி சூடாக்கினால் அந்தச் சொற்ப எண்ணிக்கை இன்னும் கொஞ்சம் கூடும். அதற்குச் செலவாகும் வெப்பம் 0.014 ஜூல். எதிர்பார்த்த 8.3 ஜூல் இப்படித்தான் காணாமல் போகிறது.

சுழற்சிக்கும் மூட்டைகள் உண்டு. ஆனால் நைட்ரஜனில் அவற்றின் விலை மிகக் குறைவு. 300 ரூபாய் வைத்திருப்பவருக்கு அது சில்லறைதான். அதனால் சுழற்சி தன் இரண்டு பங்கையும் குறைவில்லாமல் பெற்றுவிடுகிறது.

விலையைக் குறைத்துப் பார்த்தால் விளக்கம் சரிதானா என்று தெரிந்துவிடும். குளோரினின் அணுக்கள் கனமானவை, பிணைப்பும் தளர்வு. மெதுவாக அதிர்வதால் மூட்டை 800 ரூபாய்தான். கணக்குப்படி அறை வெப்பநிலையிலேயே அதிர்வு தன் உரிமையில் பாதிக்குச் சற்று மேல் பெற்றுவிட வேண்டும். அளவீட்டில் குளோரினுக்குக் கிடைப்பது 25.6 ஜூல்: ஐந்து பங்குக்கும் ஏழு பங்குக்கும் நடுவே, பாதிக்குச் சற்று மேலேதான் நிற்கிறது. நைட்ரஜனையும் விட்டுவிடவில்லை. 1,000 கெல்வினில் அதன் அதிர்வு ஐந்தில் இரண்டு பங்கு விழித்திருக்கும். 2,000 கெல்வினில் ஐந்தில் நான்கு.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். ஹைட்ரஜன் மிக இலேசானது என்பதால் அதன் சுழற்சிக்கே விலை அதிகம். 1912-இல் ஆர்னால்ட் ஆய்க்கன் அதைக் குளிர்வித்துக்கொண்டே அளந்தார். 60 கெல்வின் அருகே சுழற்சியின் இரண்டு பங்கும் மறைந்து, நகர்வின் மூன்று பங்கு மட்டும் மிஞ்சியது.