ஸ்கேன் இயந்திரம் சும்மா இருந்தால் செலவு யார் தலையில்?

தீராத முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கச் சொல்கிறார் டாக்டர். தனியார் மையத்தில் விலை கேட்டதும் குடும்பமே திகைத்துப் போகிறது. அரை மணி நேரப் படத்துக்கு ஏன் இவ்வளவு பணம்? இதற்கான பதிலில் ஒரு பகுதி, அந்த இயந்திரம் ஆளில்லாமல் சும்மா இருக்கும் நேரத்தில் இருக்கிறது.

தைப்பூசத்துக்குத் தோட்டத்திலிருந்து பத்துமலைக்கு 1,200 ரிங்கிட்டுக்கு ஒரு பஸ் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். 40 பேர் ஏறினால் தலைக்கு 30 ரிங்கிட். 20 பேர்தான் வந்தார்கள் என்றால் 60 ரிங்கிட். பஸ்காரர் வாடகையைக் குறைக்க மாட்டார். ஸ்கேன் மையத்தின் கணக்கும் இதேதான்.

எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் இரவில் விளக்கை அணைப்பதுபோல் அணைக்கக்கூடியது அல்ல. பெரும்பாலான இயந்திரங்களில் காந்தச் சுருள் திரவ ஹீலியத்தால் கடுங்குளிரில் வைக்கப்பட்டிருக்கும். அந்தக் குளிரைக் காக்கும் கருவிகள் இரவு பகலாக ஓட வேண்டும். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மின்கட்டணம் ஏறும்.

இப்போது ஓர் உதாரணக் கணக்கு. இயந்திரத்தின் விலை 50 லட்சம் ரிங்கிட், ஆயுள் 10 ஆண்டு என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 5 லட்சம். பராமரிப்பு ஒப்பந்தம் 3 லட்சம், ஊழியர் சம்பளம் 2.5 லட்சம், வாடகையும் மின்சாரமும் 1.5 லட்சம். மொத்தம் 12 லட்சம். மாதத்துக்கு ஒரு லட்சம். மாதம் 25 நாள் திறந்தால், ஒரு நாளைக்கு 4,000 ரிங்கிட் எப்படியும் செலவாகும்.

காலை 8 முதல் மாலை 6 வரை திறந்திருக்கிறது. ஒருவரைப் படுக்க வைத்து, படமெடுத்து, அடுத்தவரை அழைக்க 40 நிமிடம். ஆக, நாளொன்றுக்கு 15 இடங்கள். 15-ம் நிரம்பினால் நிலையான செலவில் ஒருவரின் பங்கு சுமார் 267 ரிங்கிட். எட்டுப் பேர்தான் என்றால் 500. படத்தைப் படித்து அறிக்கை எழுதும் நிபுணரின் கட்டணத்துக்கும் மற்றப் பொருள்களுக்கும் ஆளுக்கு 150 சேர்த்தால், முதல் கணக்கில் 417, இரண்டாவதில் 650. இயந்திரமும் அதே, படமும் அதே. வந்தவர் எண்ணிக்கைதான் வேறு.

காலியான ஓர் இடத்தை நாளைக்கு என்று எடுத்து வைக்க முடியாது. பதிவு செய்தவர் வராவிட்டால் மையத்துக்கு 150 ரிங்கிட்தான் மிச்சம். மீதிச் செலவு நடந்து முடிந்துவிட்டது.

இடம் காலியாவதற்குக் காரணங்கள் சாதாரணமானவை. ஒருவர் சொல்லாமல் வராமல் இருப்பார். உடலில் பேஸ்மேக்கர் இருப்பது படுக்கப் போகும்போதுதான் தெரியவரும். சாய மருந்து போட வேண்டியவருக்குச் சிறுநீரக ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருக்காது. நம் பெண்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தாலியைக் கழற்ற மனம் வராமல் தயங்குவார்கள். அதில் கோத்திருக்கும் ஊக்கு பெரும்பாலும் இரும்பு. காந்தம் அதைப் பாய்ந்து இழுக்கும். வீட்டிலேயே இதைப் பேசி முடிவு செய்து வந்தால் பத்து நிமிடம் மிச்சம்.

சில மையங்கள் இரவிலும் திறப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். நான்கு மணி நேரம் நீட்டித்தால் ஆறு இடங்கள் கிடைக்கும். கூடுதல் சம்பளத்துக்கும் மின்சாரத்துக்கும் 600 ரிங்கிட் என்றால், ஆறும் நிரம்பும்போது ஆளுக்கு 100. அதோடு 150 சேர்த்தால் 250 தான். அதனால் அந்த நேரத்துக்கு விலை குறைக்க மையத்துக்கு வழி உண்டு. பதிவு செய்யும்போது கேட்டுப் பார்க்கலாம். ஆனால் ஒரே ஒருவர் வந்தால் அவருக்கு மட்டும் 750 ஆகும். ஆள் வரும் ஊரில்தான் இது எடுபடும்.

அதற்காக எல்லா இடத்தையும் நிரப்புவதே சரி என்றும் சொல்ல முடியாது. மருத்துவமனையில் அவசர நோயாளிக்கு இடம் வேண்டும். 15-ம் நிரம்பிய நாளில் ஒருவர் தாமதமானால் பின்னால் வரும் அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் வீணான இடம் பில்லில் தெரியாது. வரிசையில் நிற்பவரின் காத்திருப்பு நாளில் தெரியும். காலியிடத்தை நிரப்பத் தேவையில்லாத ஸ்கேனுக்கு ஆளனுப்பினாலோ, ஸ்கேன் ஒன்றுக்கான செலவு குறையும், நோயாளியின் பணம் வீணாகும்.

வர முடியாது என்று தெரிந்ததும் முதல் நாளே ஒரு போன் செய்தால் போதும். அந்த 40 நிமிடம் வரிசையில் காத்திருக்கும் இன்னொருவருக்குப் போய்ச் சேரும்.