கூட்டினால் மிஞ்சும், கழித்தால் குறையும்

ஒரு வகுப்பில் 23 மாணவர்கள். அவர்களில் யாராவது இருவருக்கேனும் பிறந்தநாள் ஒரே தேதியில் வர எவ்வளவு வாய்ப்பு? விடையைத் துல்லியமாகக் கணக்கிடாமலே, அது எந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.

முதலில் ஜோடிகளை எண்ணுவோம். 23 பேரில் 253 ஜோடிகள் அமையும். பிப்ரவரி 29ஐ விட்டுவிட்டு எல்லா நாளையும் சமமாகக் கொண்டால், ஒரு ஜோடிக்குத் தேதி பொருந்தும் நிகழ்தகவு 1/365. அத்தனை ஜோடிக்கும் சேர்த்துக் கூட்டினால் 253/365, அதாவது 69.3 சதவீதம்.

இது உண்மையைவிட அதிகம். கவிதா, முருகன், செல்வி மூவரும் ஜூன் 5 அன்று பிறந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கேள்விக்கு இந்த வகுப்பு ஒரே ஒரு ‘ஆம்’தான். நம் கூட்டலோ கவிதா-முருகன், முருகன்-செல்வி, கவிதா-செல்வி என்று அதை மூன்று முறை எண்ணிவிடுகிறது. சில வகுப்புகளை இப்படிப் பலமுறை எண்ணுவோமே தவிர, பொருத்தமுள்ள எந்த வகுப்பையும் விட்டுவிட மாட்டோம். ஆகவே 69.3 ஒரு மேல்வரம்பு. உண்மை அதைத் தாண்டாது.

மிஞ்சியதைக் கழிக்க வேண்டும். இரண்டு ஜோடிகள் ஒருசேரப் பொருந்தும் வாய்ப்புகளை எடுத்துக்கொள்வோம். 253 ஜோடிகளிலிருந்து இரண்டிரண்டாக 31,878 வகையில் எடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் நிகழ்தகவு 1/365 × 1/365. இரண்டு ஜோடிகளிலும் கவிதா இருந்தாலும் இது மாறாது, ஏனென்றால் மற்ற இருவரும் தனித்தனியே அவள் தேதியோடு பொருந்த வேண்டும். கூட்டினால் 23.9 சதவீதம். 69.3இலிருந்து கழித்தால் 45.4.

இப்போது தேவைக்கு மேல் கழித்துவிட்டோம். ஜூன் 5 மூவரையே பாருங்கள். பொருந்திய ஜோடிகள் மூன்று. அவற்றை இரண்டிரண்டாக எடுக்கும் வழிகளும் மூன்று. மூன்றில் மூன்று போக மிச்சம் பூஜ்யம், அந்த வகுப்பே கணக்கிலிருந்து காணாமல் போகிறது! பொருந்திய ஜோடி ஒன்றானால் மிச்சம் 1, இரண்டானால் 2 − 1 = 1, நான்கானால் 4 − 6 = −2. எப்போதும் ஒன்றைத் தாண்டுவதில்லை. ஆகவே 45.4 ஒரு கீழ்வரம்பு. உண்மை அதற்குக் கீழே இறங்காது.

அடுத்து மும்மூன்று ஜோடிகளைக் கூட்ட வேண்டும். இங்கே ஒரு கவனம் தேவை. மூன்று ஜோடிகளும் அதே மூன்று பேருக்குள் அமைந்தால், முதல் இரண்டு பொருந்தியதுமே மூன்றாவது தானாகப் பொருந்திவிடும். அப்படிப்பட்ட 1,771 வகைகளுக்கு நிகழ்தகவு 1/365², மற்றவற்றுக்கு 1/365³. எல்லாம் சேர்ந்து 6.8 சதவீதம். அதைக் கூட்டினால் புதிய மேல்வரம்பு 52.2.

ஆக, விடை 45.4க்கும் 52.2க்கும் நடுவில். வேறு வழியில் துல்லியமாகக் கணக்கிட்டால் 50.7 வருகிறது.

இப்படி மாறிமாறிக் கூட்டியும் கழித்தும் கடைசிவரை போனால் சரியான விடையே கிடைக்கும். நடுவில் நிறுத்தினாலும் நாம் உண்மைக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரியும்: கூட்டலோடு நிறுத்தினால் மேலே, கழித்தலோடு நிறுத்தினால் கீழே. இந்த வரம்புகளுக்கு இத்தாலியக் கணிதவியலாளர் கார்லோ எமிலியோ போன்ஃபெரோனியின் பெயரால் போன்ஃபெரோனி சமனின்மைகள் என்று பெயர். அவர் இவற்றை 1936இல் வெளியிட்டார்.

முதல் வரம்பு ஆய்வாளர்களுக்கு அன்றாடம் உதவுகிறது. ஒரே ஆய்வில் 20 சோதனைகள், ஒவ்வொன்றும் 5 சதவீதம் தவறாக ‘விளைவு உண்டு’ என்று காட்டக்கூடியவை என்றால், கூட்டல் 100 சதவீதம். ஒன்றாவது தவறிவிடாது என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் 0.25 சதவீதம் மட்டுமே அனுமதித்தால், மொத்தம் 5ஐத் தாண்டாது. சோதனைகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தாலும் கவலையில்லை. வெறும் கூட்டலுக்கு அந்த விவரம் தேவையில்லை.

ஆனால் வரம்பு உண்மையை எவ்வளவு நெருங்கும் என்பது கூட்டத்தைப் பொறுத்தது. 10 பேர் என்றால் இரண்டே படியில் 11.6க்கும் 12.3க்கும் நடுவில் பிடித்துவிடலாம். 40 பேர் என்றால் முதல் படி 213.7 சதவீதம், இரண்டாவது −14.3, மூன்றாவது 155! எதுவும் பொய்யில்லை, நிகழ்தகவு 100ஐத் தாண்டாது, பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்பது நமக்கு முன்பே தெரியும், அவ்வளவுதான். உண்மை விடையோ 89.1. முதல் கூட்டலே 100ஐத் தாண்டினால், ஓரிரு படிகளில் முடிக்கலாம் என்ற எண்ணத்தைக் கைவிட்டு, யாருக்கும் பொருந்தாமல் போகும் வாய்ப்பைக் கணக்கிட்டு 100இலிருந்து கழிப்பதே மேல்.