நினைவில் கொள்ளும் சுற்றுகள்

மாடிப்படியின் அடியில் ஒன்றும் உச்சியில் ஒன்றுமாக இரண்டு சொடுக்கிகள் ஒரே விளக்கை இயக்குவதைப் பல வீடுகளில் காணலாம். இரு சொடுக்கிகளுக்கும் சேர்த்து நான்கு நிலைகளே உண்டு. அவை எந்நிலையில் உள்ளன என்று தெரிந்தால், விளக்கு எரிகிறதா இல்லையா என்பதைப் பார்க்காமலே கூறிவிடலாம். முன்பு யார், எத்தனை முறை, எந்தச் சொடுக்கியைத் தட்டினர் என்பது தேவையில்லை. இவ்வாறு அந்நேர உள்ளீடுகளை மட்டுமே கொண்டு வெளியீடு அமையும் சுற்று கூட்டுச் சுற்று எனப்படும். அரைக்கூட்டியும் முழுக்கூட்டியும் இவ்வகையினவே. கையை எடுத்தபின்னும் விளக்கு எரிகிறதே, அது நினைவாகாதா எனச் சிலர் வினவக்கூடும். அந்த நினைவு சொடுக்கியின் வில்லில் உள்ளது, சுற்றில் இல்லை.

இனிக் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரை நோக்குவோம். அதில் பச்சை, சிவப்பு என இரு பொத்தான்கள் உள்ளன. இரண்டும் அழுத்தினால் உட்சென்று, விட்டவுடன் பழைய இடத்திற்கே மீள்பவை. பச்சையை அழுத்தி விட்டால் மோட்டார் தொடர்ந்து ஓடுகிறது. சிவப்பை அழுத்தி விட்டால் நின்றுவிடுகிறது. எந்தப் பொத்தானும் அழுத்தப்படாத வேளையில் உள்ளீடு ஒன்றே. ஆயினும் மோட்டார் ஓடிக்கொண்டும் இருக்கலாம், நின்றும் இருக்கலாம். கூட்டுச் சுற்றின் உண்மை அட்டவணையில் ஓர் உள்ளீட்டு வரிசைக்கு ஒரு வெளியீடுதான் எழுத இயலும். ஆகவே எத்தனை வாயில்களை முன்னோக்கி அடுக்கினாலும் இப்பணியை அவற்றால் செய்ய முடியாது. குறிப்பு ஒவ்வொரு வாயிலையும் கடக்கச் சிறிது நேரம் ஆகும் என்பது உண்மையே. எனினும் அந்தக் காலத்தாழ்வு முடிந்ததும் பழைய உள்ளீட்டின் சுவடு மறைந்துவிடும்.

ஸ்டார்ட்டர் இதை எவ்வாறு செய்கிறது? பச்சையை அழுத்தும்போது கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாய்ந்து, அது காந்தமாகி, மோட்டாருக்குரிய தொடுமுனைகளை இணைக்கிறது. அதே இழுப்பில் ஒரு துணைத் தொடுமுனையும் இணைகிறது. இது பச்சைப் பொத்தானுக்கு இணையாக அமைக்கப்பட்டிருப்பதால், கையை எடுத்தபின் சுருளுக்கு மின்னோட்டம் இதன் வழியே செல்கிறது. சுருள் தன்னை இயக்கும் வழியைத் தானே மூடிப் பிடித்துக்கொள்கிறது. வெளியீடு இவ்வாறு மீண்டும் உள்ளீடாக வருவதே பின்னூட்டம். துணைத் தொடுமுனை கரி படிந்து பழுதானால், பச்சையை அழுத்திக்கொண்டிருக்கும் வரை மட்டுமே மோட்டார் ஓடும், விட்டதும் நின்றுவிடும். பின்னூட்டம் அறுந்ததற்கு இதுவே அடையாளம். மின்தடை ஏற்பட்டாலும் பிடி விடுகிறது. மின்சாரம் திரும்பியதும் மோட்டார் தானாக ஓடுவதில்லை.

வாயில்களைக் கொண்டு இதனையே அமைக்க இரண்டு நார் வாயில்கள் போதும். நார் வாயிலின் உள்ளீடுகள் அனைத்தும் 0 ஆனால் மட்டுமே வெளியீடு 1 ஆகும். முதல் வாயிலுக்குச் சிவப்பும் இரண்டாம் வாயிலின் வெளியீடும் உள்ளீடுகள். இரண்டாம் வாயிலுக்குப் பச்சையும் முதல் வாயிலின் வெளியீடும் உள்ளீடுகள். தொடக்கத்தில் முதல் வெளியீடு 0, இரண்டாம் வெளியீடு 1 என்க. பச்சை 1 ஆனதும் இரண்டாம் வெளியீடு 0 ஆகிறது. அப்போது முதல் வாயிலின் இரு உள்ளீடுகளும் 0 ஆதலால் அதன் வெளியீடு 1 ஆகி, இரண்டாம் வாயிலை வந்தடைகிறது. இப்போது பச்சை 0 ஆனாலும், வந்துசேர்ந்த அந்த 1 இரண்டாம் வாயிலை 0 நிலையிலேயே வைத்திருக்கும். லாட்ச் எனப்படும் இது, முந்தைய உள்ளீட்டையும் சார்ந்து செயல்படும் தொடர்முறைச் சுற்றுகளில் மிக எளியது. எக்கிள்சும் ஜோர்டானும் 1918-இல் இதன் முன்னோடியை வெற்றிடக் குழாய்களைக் கொண்டு அமைத்தனர்.

பின்னூட்டம் இருந்தால் மட்டும் நினைவு வந்துவிடாது. ஒரேயொரு இல்லை வாயிலின் வெளியீட்டை அதன் உள்ளீட்டிலேயே இணைத்தால், 0 என்பது 1-ஐ உண்டாக்கும். அந்த 1 மீண்டும் 0-வை உண்டாக்கும். அச்சுற்று எந்நிலையிலும் நிலைகொள்ளாது. வளையத்தில் இரண்டு இல்லை வாயில்கள் இருந்தால், சுற்றி வரும் மதிப்பு மாறாமல் திரும்பி, இருக்கும் நிலையையே வலுப்படுத்தும். நார் லாட்சின் வளையத்திலும் மறுப்பு இருமுறையே நிகழ்கிறது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. பச்சை, சிவப்பு இரண்டும் ஒருங்கே 1 ஆனால், ஒன்றுக்கொன்று எதிராக இருக்கவேண்டிய இரு வெளியீடுகளும் 0 ஆகிவிடும். பின்னர் இரண்டும் ஒரே கணத்தில் விடப்பட்டால், எந்த வாயில் முந்துகிறதோ அதற்கேற்பவே முடிவு அமையும். அதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஸ்டார்ட்டரில் இந்த ஐயம் எழுவதில்லை. சிவப்புப் பொத்தான் சுருளுக்குச் செல்லும் வழியையே துண்டிப்பதால், இரண்டையும் சேர்த்து அழுத்தினாலும் மோட்டார் நின்றே இருக்கும்.