எந்தப் பத்தி முதலில்?

1912 ஏப்ரல் 16 அன்று வெளியான நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் முதல் பக்கம் முழுக்க டைட்டானிக்தான். மேலே பக்கத்தின் அகலம் முழுவதையும் அடைத்து மூன்று வரித் தலைப்பு. அதன் கீழே ஒடுக்கமான பத்திகள், நடுவில் கப்பலின் படமும் கேப்டன் ஸ்மித்தின் படமும், பிழைத்தவர்களின் பெயர்ப்பட்டியல். இந்தப் பக்கத்தின் மறுபதிப்பை செல்பேசியில் படம் பிடித்துத் தமிழில் படிக்க நினைப்பவருக்கு முதல் தடை ஆங்கிலம் இல்லை, வரிசை. முழுப் பக்கத்தையும் ஒரே துண்டாகக் கருதி எழுத்துகளைப் பிரித்தால், முதல் பத்தியின் ஒரு வரியோடு பக்கத்துப் பத்தியின் வரி ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சொல்லும் சரியாக இருக்கும். வாக்கியம் மட்டும் இருக்காது.

கோளாறு பெரும்பாலும் படம் எடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. ஒரு நாளிதழின் அகலம் சுமார் 38 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். செல்பேசி ஒரே ஒரு பாகை சாய்ந்தாலும் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் இடையே வரி ஆறரை மில்லிமீட்டர் இறங்கிவிடும். செய்தி எழுத்தில் ஒரு வரியின் உயரம் மூன்று மில்லிமீட்டர் அளவுதான். ஆக, இடக்கோடியில் ஐந்தாவது வரிக்கு நேராக வலக்கோடியில் நிற்பது மூன்றாவதாகவோ ஏழாவதாகவோ இருக்கலாம். தாளைச் சுவரில் ஒட்டி, நேர் எதிரே நின்று எடுப்பது நல்லது. இன்னொரு சிக்கல், நுணுக்கம். 60 செ.மீ. உயரப் பக்கத்தை 12 மெகாபிக்சலில் ஒரே படமாக அடக்கினால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 170 புள்ளிகளே தேறும். எழுத்துகளைப் பிரித்தறிய வழக்கமாகக் கேட்கப்படுவது 300. எனவே நான்கு துண்டுகளாக, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி எடுக்க வேண்டும்.

அடுத்தது பென்சில் வேலை. பக்கத்தை அச்சிட்டு அல்லது திரையில் வைத்துக்கொண்டு, தலைப்பு, பத்தி, படக்குறிப்பு ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் போட்டு எண் கொடுப்பது. பத்திகளுக்கு இடையே ஓடும் மெல்லிய செங்குத்துக் கோடுதான் வழிகாட்டி. டைட்டானிக் பக்கத்தில் எண் 1 எதற்கு என்பதில் சந்தேகம் இல்லை: மூன்று வரித் தலைப்புக்கு. அந்த மூன்று வரிகளும் அரைப்புள்ளிகளால் கோத்த ஒரே தொடர். பனிப்பாறையில் மோதி நான்கு மணி நேரத்தில் கப்பல் மூழ்கியது. 866 பேர் மீட்பு. இஸ்மே நலம், திருமதி ஆஸ்டர் ஒருவேளை நலம். மூன்றாவது வரியைத் தனியாக வெட்டி மொழிபெயர்த்தால், ஆட்களின் பெயர்கள் ஏன் வருகின்றன என்பதே புரியாது.

எண் 2-ல்தான் பலரும் சறுக்குகிறார்கள். இடமிருந்து வலம் என்ற பழக்கத்தில் இடக்கோடிப் பத்தியை எடுப்பார்கள். ஆனால் அமெரிக்க நாளிதழ்களின் மரபில் அன்றைய முதன்மைச் செய்தி வலக்கோடியில் வரும். இந்தப் பக்கத்திலும் கப்பல் அதிகாலை 2.20-க்கு அடிக்குப் போனது பற்றிய செய்தி வலது பக்கம்தான் இருக்கிறது. இடது பக்கம், கர்னல் ஆஸ்டர் முதலானவர்கள் பயணம் செய்தது பற்றியது. நடந்ததை முதலில் சொல்லிவிட்டு ஆட்களுக்குப் போக வேண்டும் என்றால், எண் 2 வலக்கோடிக்கே.

அந்தப் பத்திகளின் உச்சியில் இன்னொரு பொறி. அடுக்கடுக்காக ஐந்தாறு துணைத்தலைப்புகள், நடுநடுவே குட்டிக் கோடுகள். பார்ப்பவருக்குத் தனித்தனிச் செய்திகள் போலத் தெரியும். உண்மையில் எல்லாம் கீழே வரும் ஒரே செய்திக்கு உரியவை. எனவே அடுக்கு முழுவதும் ஒரே கட்டத்துக்குள். படக்குறிப்போ நேர் எதிர்: பத்திக்குள் கலக்காமல் படத்தோடு ஒட்டியே தனி எண் பெற வேண்டும்.

கட்டம் போட்ட பிறகு ஒவ்வொரு பத்தியையும் தனிப் படமாக வெட்டி எழுத்தாக்கலாம். இலவசமாகக் கிடைக்கும் டெசராக்ட் நிரலில் இப்படி:

```
tesseract col2.png col2 -l eng --psm 4
```

கடைசியில் உள்ள 4, படத்தில் இருப்பது ஒரே பத்தி, எழுத்தளவு மாறலாம் என்று நிரலுக்குச் சொல்கிறது. முழுப் பக்கத்தின் மீது 6 போட்டால் எல்லாவற்றையும் ஒரே சீரான கட்டமாக நினைத்து வரிகளை ஒட்டிவிடும்.

வரிசை சரிதானா என்று பார்க்க, மொழிபெயர்ப்பைத் தொடுவதற்கு முன் ஆங்கிலத்தையே பார்த்தால் போதும். பத்தியின் கடைசி வரி சிறு இணைப்புக் கோட்டில் முடிந்தால், அடுத்த கட்டம் உடைந்த சொல்லின் மிச்சத்தோடு, சிறிய எழுத்தில் தொடங்க வேண்டும். பெரிய எழுத்தில் தொடங்கினால் அடுத்த கட்டம் என்று எண்ணியது வேறு கட்டம். வரி முனைகளில் இப்படி உடைந்த சொற்களை எல்லாம் ஒட்டிய பிறகே தமிழாக்கத்துக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் பாதிச் சொல்லுக்கும் ஒரு பொருள் வந்து நிற்கும்.

பெயர்ப்பட்டியல் கடைசி எண். அதைக் குறுக்கே படித்தால் ஒருவரின் குடும்பப்பெயர் இன்னொருவரின் பட்டத்தோடு சேர்ந்துவிடும் என்பதால் மேலிருந்து கீழாகவே எடுக்க வேண்டும். 866 என்ற எண்ணையும் கைவைக்காமல் விட வேண்டும். உண்மையில் பிழைத்தவர்கள் 700-க்குச் சற்று மேல்தான். ஆனால் அன்று அச்சானது 866. சரியான கணக்கை மொழிபெயர்ப்பாளர் அடிக்குறிப்பில் சொல்லிக்கொள்ளலாம்.