இன்று எத்தனை லாகின்?

வங்கிக் கிளைகளில் சாயங்காலம் ஒரு கான்ஃபரன்ஸ் கால் வரும். வட்டார அலுவலகத்திலிருந்து கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "இன்னிக்கு எத்தனை லாகின்?" லாகின் என்றால் அன்று பதிவேற்றிய காப்பீட்டு விண்ணப்பம். டெபாசிட்டும் கடனும் பார்க்கத்தான் பரீட்சை எழுதி வேலைக்கு வந்தேன் என்று நினைக்கும் ஊழியருக்கு, இந்தக் கேள்வி வரும் நேரம் நெருங்கினாலே வயிற்றைப் பிசையும்.

ஊழியர் கமிஷனுக்காகப் பாலிசியைத் தள்ளிவிடுகிறார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் காப்பீட்டு நிறுவனம் வங்கி ஊழியருக்கு நேரடியாகப் பணமோ பரிசோ தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கமிஷன் வங்கியின் வருமானக் கணக்குக்குப் போகிறது. ஊழியருக்கு மிஞ்சுவது டார்கெட்டும், அதை எட்டாவிட்டால் மதிப்பீட்டு அறிக்கையில் விழும் கரும்புள்ளியும், தூரத்து ஊருக்கு மாற்றல் வருமோ என்ற பயமும்தான்.

கோளாறு அந்த டார்கெட்டை எதை வைத்து அளக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. வாடிக்கையாளருக்கு எவ்வளவு பாதுகாப்பு கிடைத்தது என்று யாரும் பார்ப்பதில்லை. எவ்வளவு பிரீமியம் வந்தது என்றே பார்க்கிறார்கள். 35 வயதுக் குடும்பத் தலைவருக்குத் தேவை டேர்ம் பாலிசி. சில ஆயிரம் ரூபாய் பிரீமியத்தில் பெரிய தொகைக்குக் காப்பு கிடைக்கும். வருடம் 436 ரூபாயில் 2 லட்சம் தரும் பிரதமர் ஜீவன் ஜோதித் திட்டமும் உண்டு. ஆனால் இவற்றை விற்றால் டார்கெட் அசையாது. வருடம் 1 லட்சம் கட்டும் சேமிப்புப் பாலிசி ஒன்றை விற்றால் அந்த மாதம் தப்பித்தது. வாடிக்கையாளருக்கு எது மலிவாகப் பொருந்துகிறதோ, அதுவே ஊழியருக்கு மிகக் குறைவாகக் கைகொடுக்கிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 62. அவருடைய 5 லட்சம் ரூபாய் எஃப்.டி. முதிர்கிறது. முதிர்வுப் பட்டியல் கிளையின் கணினியிலேயே இருப்பதால் அவர் வரும் நாள் முன்கூட்டியே தெரியும். "எஃப்.டி. மாதிரிதாம்மா, இதைவிட நல்லது" என்று சொல்லி, வருடம் 1 லட்சம் வீதம் 10 வருடம் கட்டி, 15-ஆம் வருட முடிவில் 15 லட்சம் வாங்கும் பாலிசியில் கையெழுத்து வாங்குகிறார்கள். 10 கட்டி 15 வாங்குவது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உண்மையில் இதன் ஆண்டு வருவாய் 4 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. அதே தவணைகளை அதே காலத்துக்கு 6.5 சதவீத வட்டியில் போட்டுவைத்தால், வரிக்கு முன் 19.7 லட்சம் அளவுக்கு வரும். நடுவில் உயிர்க்காப்பு இருக்கிறதே என்பார்கள். இவர் வருமானத்தை நம்பி யாரும் இல்லாதபோது அந்தக் காப்பு யாருக்கு?

அதைவிட மோசம், 5 லட்சம் ஐந்து தவணையோடு தீர்ந்துவிடும். ஆறாவது தவணையை ஓய்வூதியத்திலிருந்து எடுக்க வேண்டும். ஒருமுறை கட்டினால் போதும் என்று நினைத்திருந்தவர், அடுத்த வருடம் கணக்கில் பணம் பிடித்த பிறகுதான் கிளைக்கு ஓடிவருவார். அப்போது சரண்டர் செய்தால் கட்டியதில் ஒரு பகுதிதான் திரும்பும். 2024 அக்டோபரிலிருந்து முதல் வருடப் பிரீமியம் கட்டியவருக்கும் ஏதாவது கிடைக்க வழி செய்திருக்கிறார்கள். நஷ்டம் குறைந்ததே தவிர மறையவில்லை.

ஊழியரின் சங்கடம் இங்கேதான் முற்றுகிறது. டார்கெட் வாய்வார்த்தையாக வரும். விண்ணப்பத்திலோ விற்றவரின் அடையாள எண் இருக்கும். புகார் எழுந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வருவது இவருக்கு. போனில் கத்தியவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. விவரமான ஊழியர்கள் சிலர் அதனால் ஒரு வேலை செய்கிறார்கள்: இது காப்பீடு, இத்தனை வருடம் கட்ட வேண்டும், இடையில் நிறுத்தினால் நஷ்டம் என்று வாடிக்கையாளர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். அதை எழுதும்போதே பாதிப் பேர் வேண்டாம் என்று எழுந்துவிடுவார்கள். லாகின் குறையும், ஆனால் ராத்திரி தூக்கம் வரும்.

கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாலிசி வழங்கும் முன் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து சரிபார்ப்பு அழைப்பு வரலாம். "எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிடுங்க" என்று கிளையில் சொல்லி அனுப்பினால், அங்கேயே உஷாராகிவிடுங்கள். எத்தனை வருடம் கட்ட வேண்டும் என்று அந்த அழைப்பிலேயே திருப்பிக் கேளுங்கள். கடனுக்கோ லாக்கருக்கோ பாலிசி கட்டாயம் என்றால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள், தரமாட்டார்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், பாலிசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம் உண்டு. ஃப்ரீ லுக் என்பார்கள். முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, அந்தச் சில நாட்களுக்கான காப்புக் கட்டணம் போக மீதி திரும்ப வரும். பாலிசி வேண்டாம் என்ற கடிதத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கே அனுப்பி, கிளைக்கு நகல் கொடுத்து, தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். "என் வேலைக்கே உலை வெச்சுடாதீங்க சார்" என்று அந்த ஊழியர் கெஞ்சக்கூடும். அவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.