ஆப்பை நீக்கியவருக்கும் போகும் அறிவிப்பு

"மழையால் இன்று விடுமுறை" என்று பள்ளி ஆப்பில் வரும் அறிவிப்பு எல்லாப் பெற்றோருக்கும் போக வேண்டும். "உங்கள் மகன் கணக்கில் 28 மதிப்பெண்" என்பது ஒரு வீட்டுக்கு மட்டும். இரண்டையும் ஒரே வழியில் அனுப்பினால் வம்புதான்.

கூகுளின் ஃபயர்பேஸ் சேவையில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று டாபிக். `class-7b` என்று ஒரு பெயர் வைத்து, போன்களை அதில் சேர்த்துவிட்டால் போதும். சர்வர் ஒருமுறை அனுப்புவதைக் கூகுளே எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்துவிடும். ஆனால் ஆப் வைத்திருக்கும் எவரும் எந்த டாபிக்கிலும் சேர்ந்துகொள்ள வழி இருக்கிறது. ஆகவே விடுமுறைக்கு அது சரி, மதிப்பெண்ணுக்கு ஆகாது.

மதிப்பெண்ணுக்கு டோக்கன் வேண்டும். ஒரு போனில் நிறுவிய ஆப்புக்குக் கூகுள் தரும் நீளமான எழுத்துக்கோவை அது. பள்ளியின் சர்வர் அதைப் பெற்றோர் பெயரோடு சேர்த்து வைத்துக்கொள்ளும். அப்பா, அம்மா இருவரிடமும் ஆப் இருந்தால் இரண்டு டோக்கன்.

டோக்கன் அந்தப் போனில் உள்ள ஆப்புக்குரியது, ஆளுக்குரியதல்ல. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அப்பா லாக்அவுட் செய்துவிட்டுப் பழைய போனைத் தம்பியிடம் கொடுக்கிறார். அதே ஆப்பில் தம்பி தன் கணக்கில் நுழைகிறார். டோக்கன் மாறவில்லை. பழைய பதிவை அழிக்காவிட்டால் அண்ணன் மகனின் 28 மதிப்பெண் சித்தப்பாவின் கையில் ஒளிரும். லாக்அவுட்டின்போதே பதிவை நீக்க வேண்டும். ஒரு டோக்கனை ஒரு கணக்கோடு மட்டுமே இணைக்க வேண்டும்.

ஆப்பை நீக்கியவர் சர்வரிடம் சொல்லிவிட்டுப் போவதில்லை. பின்னொரு நாள் அறிவிப்பு அனுப்பும்போதுதான் 404 எண்ணோடு `UNREGISTERED` என்ற பதில் வரும். அந்த டோக்கனை உடனே அழித்துவிடலாம். 400, `INVALID_ARGUMENT` என்று வந்தால் மட்டும் கை பொறுக்க வேண்டும். டோக்கன் தவறாக இருந்தாலும் அது வரும், அனுப்பிய செய்தியின் அமைப்பு தவறாக இருந்தாலும் வரும். செய்தியில் பிழை செய்துவிட்டு, வந்த 400-க்கெல்லாம் டோக்கனை அழித்தால் ஒரே காலையில் பள்ளியின் பட்டியல் காலியாகிவிடும்.

பெட்டியில் அணைந்து கிடக்கும் போன்கள் தனி ரகம். ஆண்ட்ராய்டில் 270 நாள் தொடர்பில்லாமல் இருந்தால்தான் கூகுள் டோக்கனைக் காலாவதியாக்கும். அதுவரை அனுப்புவதெல்லாம் "வெற்றி" என்றே கணக்காகும். கூகுள் வாங்கிக்கொண்டது என்பதுதான் அதற்குப் பொருள், பெற்றோர் பார்த்தார் என்பதல்ல. அதனால் ஆப் மாதம் ஒருமுறை பின்னணியில் தன் டோக்கனைத் தெரிவிக்க வேண்டும், சர்வர் அந்தத் தேதியைக் குறிக்க வேண்டும். இரண்டு மாதம் பேச்சு மூச்சில்லை என்றால் நீக்கலாம். போன் மறுபடி உயிர்பெற்றால் ஆப்பே டோக்கனைத் திரும்ப அனுப்பும்.

நீக்கும் முறையிலும் ஒரு வரிசை உண்டு. பள்ளிப் பட்டியலில் அழித்தால் டாபிக்கிலிருந்து விலகியதாகாது. விலக்கவும் அதே டோக்கன்தான் தேவை. எனவே முதலில் டாபிக்கிலிருந்து விலக்குங்கள், பிறகு பதிவை அழியுங்கள்.