சேனல் பணத்துக்கு வருமான வரி நோட்டீஸ்... எந்த வரவை எதோடு பொருத்துவது?

‘மேட்டுப்பாளையம் அருகே மூன்று ஏக்கரில் வாழையும் கறிவேப்பிலையும் வைத்திருக்கிறேன். தோட்ட வேலைகளை வீடியோ எடுத்து யூடியூபில் போடுகிறேன். அதில் வரும் விளம்பரப் பணம் சிங்கப்பூரிலிருந்து என் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. 2023-24-ம் ஆண்டில் கணக்கில் வந்த ₹7,09,000-க்கு விளக்கம் கேட்டு, வருமான வரித் துறையிலிருந்து 142(1) நோட்டீஸ் வந்திருக்கிறது. நான் விவசாயி, எனக்கு வரி கிடையாது என்று எழுதி அனுப்பினால் போதுமா?’

போதாது. நிலத்திலிருந்து விளைந்ததை விற்ற பணம்தான் சட்டப்படி விவசாய வருமானம். வாழைத்தாரை மண்டியில் போட்டு வாங்கிய பணத்துக்கு வரி இல்லை. அதே வாழையைப் படம் பிடித்துக் காட்டியதற்கு வந்த பணம் நிலத்தில் விளைந்ததல்ல. தோட்டம் ஒன்றுதான் என்றாலும் வருமானம் இரண்டு வகை. 2023 ஜூன் மாதம் கேரளத்தில் யூடியூபர்கள் பலரிடம் வருமான வரித் துறை சோதனை நடத்தியதும் இந்த வகை வருமானத்தைப் பற்றித்தான்.

முதலில் நோட்டீஸ் உண்மையானதா என்று பாருங்கள். incometax.gov.in தளத்தின் முகப்பிலேயே ‘Authenticate Notice/Order Issued by ITD’ என்ற இணைப்பு இருக்கிறது. நோட்டீஸில் உள்ள DIN எண்ணை அங்கே போட்டால் தெரிந்துவிடும். உண்மை என்றால், கெடு தேதிக்குள் பதில் போயாக வேண்டும். பதிலே சொல்லாவிட்டால் ₹10,000 அபராதம் விழலாம். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாத வரவை, ‘விளக்கப்படாத பணம்’ என்று அதிகாரி முடிவு செய்தால், அந்த ஆண்டுக் கணக்கில் மேல்வரியும் செஸ்ஸும் சேர்த்து 78 சதவிகிதம் வரி. கறிவேப்பிலை விற்ற பணமும் சீட்டு இல்லாவிட்டால் இதில் மாட்டிக்கொள்ளும்.

இந்த வாசகரின் வங்கிப் புத்தகத்தை வரி வரியாகப் பிரித்தோம். மண்டி வரவு ₹3,12,000. கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் ₹1,00,000. அண்ணனிடம் வாங்கிய கைமாற்று ₹50,000. பி.எம். கிசான் மூன்று தவணை ₹6,000. வங்கி வட்டி ₹1,390. மீதி ₹2,39,610 மட்டுமே யூடியூப் பணம். கூட்டினால் ஏழு லட்சத்து ஒன்பதாயிரம் சரியாக வருகிறது. ஆக, நோட்டீஸில் இருக்கும் தொகையைப் பார்த்து அரண்டுபோக வேண்டியதில்லை. கடனும் கைமாற்றும் வருமானமே அல்ல. ஆனால் பயிர்க்கடனுக்குச் சங்கத்தின் கடன் சீட்டும், கைமாற்றுக்கு அண்ணன் கையெழுத்திட்ட கடிதமும் அவருடைய பான் எண்ணும் பணம் கொடுத்த அவருடைய வங்கிக் கணக்கின் நகலும், மண்டி வரவுக்கு விற்பனைச் சீட்டோடு சிட்டா, அடங்கலும் இணைக்க வேண்டும்.

சிக்கல் யூடியூப் பணத்தில்தான். சேனலின் வருமானப் பக்கத்தைத் திறந்து ஏப்ரல் முதல் மார்ச் வரை கூட்டி எழுதினால், வங்கித் தொகையோடு ஒருபோதும் ஒத்துவராது. பலரும் அந்தத் தொகையைத்தான் பதிலில் எழுதுகிறார்கள். அது வெறும் மதிப்பீடு. சரியான தொகை, மாதம் முடிந்து 7-ம் தேதிக்கும் 12-ம் தேதிக்கும் இடையில்தான் ஆட்சென்ஸ் கணக்கில் ஏறும். அங்கிருந்து 21-ம் தேதியிலிருந்து 26-ம் தேதிக்குள் பணம் புறப்படும். இருப்பு 100 டாலரைத் தொடாவிட்டால் புறப்படாது, அடுத்த மாதத்தோடு சேர்ந்து வரும். இவருக்கு அப்படி மூன்று மாதம் பணமே வரவில்லை. வருடத்துக்கு ஒன்பது வரவுதான்.

ஒரே ஒரு மாதத்தை எடுத்துப் பார்ப்போம். 2023 அக்டோபரில் சேனல் பக்கம் காட்டிய மதிப்பீடு 310.40 டாலர். ஆட்சென்ஸில் முடிவானது 306.20 டாலர். அதில் அமெரிக்காவில் இருந்தவர்கள் பார்த்த வகையில் வந்தது 18 டாலர். அதற்கு மட்டும் அமெரிக்க வரி 15 சதவிகிதம், அதாவது 2.70 டாலர், பிடித்துக்கொண்டார்கள். மீதி 303.50 டாலர் நவம்பர் 21-ம் தேதி புறப்பட்டு, 24-ம் தேதி வங்கிக்கு வந்தது. வங்கி டாலருக்கு ₹82.40 கொடுத்தது. ₹25,008. அதில் பணமாற்றத்துக்கான ஜி.எஸ்.டி ₹45 போக, புத்தகத்தில் ஏறியது ₹24,963. அக்டோபர் மாதத்து 310 டாலரும் நவம்பர் மாதத்து ₹24,963-ம் ஒரே பணம்தான் என்பதை அதிகாரிக்கு இப்படிப் படிப்படியாகக் காட்டினால்தான் புரியும். (பேரம் பேசினால் டாலருக்குச் சில காசு கூடத் தரும் வங்கிகள் உண்டு. கேட்டுப் பாருங்கள்.)

இதே மாதிரி ஒன்பது வரவுக்கும் ஒன்பது வரி எழுதுங்கள். எந்த மாதச் சம்பாத்தியம், ஆட்சென்ஸில் முடிவான டாலர், அமெரிக்க வரி, அனுப்பிய டாலர், அனுப்பிய தேதி, வங்கிக்கு வந்த தேதி, மாற்று விலை, பிடித்தம், ஏறிய ரூபாய். டாலர் விவரம் ஆட்சென்ஸில் ‘Payments’ பகுதியில் கிடைக்கும். ஒவ்வொரு பணத்துக்கும் ரசீது அங்கேயே இருக்கிறது. வங்கிப் புத்தகத்தில் பெரும்பாலும் ஓர் எண் மட்டுமே இருக்கும். எனவே கிளையில் எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு வரவுக்கும் வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான சான்று வாங்குங்கள். அனுப்பியவர் பெயர், டாலர், மாற்று விலை மூன்றும் அதில் இருக்கும். அந்தச் சான்றுதான் இரண்டு பக்கத்துக் கணக்கையும் இணைக்கும் பாலம். வாங்குவதற்கு நாளாகும் என்றால், அதற்காகச் சும்மா இருந்துவிடாமல், தளத்திலேயே கால அவகாசம் கேட்டுவிடுங்கள்.

ஆண்டின் இரண்டு முனைகளைக் கவனியுங்கள். 2023 ஏப்ரலில் வந்தது மார்ச் மாதச் சம்பாத்தியம். 2024 மார்ச் மாதச் சம்பாத்தியம் வந்தது ஏப்ரலில், அதாவது அடுத்த நிதியாண்டில். பணம் கைக்கு வந்த தேதிப்படி கணக்கு வைத்தால் முதலாவது இந்த ஆண்டில் சேரும், இரண்டாவது சேராது. அப்படி வைக்கலாம். ஆனால் எல்லா ஆண்டும் அதே முறைதான். இந்த ஆண்டு ஒரு முறை, அடுத்த ஆண்டு வேறு முறை என்றால் ஒரு மாதம் எங்கோ காணாமல் போகும், அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

இன்னொன்று, வங்கியில் ஏறியதை மட்டும் வருமானமாகக் காட்டக் கூடாது. வங்கிப் பிடித்தத்தையும் அமெரிக்க வரியையும் திரும்பக் கூட்டி மொத்த வருமானத்தைக் காட்டிவிட்டு, பிடித்தத்தைச் செலவாகக் கழிக்க வேண்டும். இவருக்கு ஆண்டு முழுவதும் அமெரிக்க வரி 18 டாலர், ஏறக்குறைய ₹1,490. இங்கே வரி கட்ட வேண்டியவர்கள் இந்த அமெரிக்க வரியைப் படிவம் 67 போட்டுக் கழித்துக்கொள்ளலாம். இங்கே வரியே வராதவருக்கு அதனால் பயன் இல்லை.

இவர் அந்த வகைதான். எல்லாம் கூட்டியும் விவசாயம் அல்லாத வருமானம், செலவு கழிக்கும் முன்பே, சுமார் ₹2.43 லட்சம். 2023-24-க்குப் புதிய முறையில் 3 லட்சம் வரை வரி இல்லை. சேனல் வளர்ந்து அந்த வரம்பைத் தாண்டினால் கதை மாறும். அப்போது மண்டி வருமானத்துக்கு நேரடியாக வரி இல்லை என்றாலும், வரி விகிதத்தைக் கணக்கிட அதையும் சேர்த்துக்கொள்வார்கள். அந்த நிலையில் இருப்பவர்கள் ஆடிட்டரிடம் போவது நல்லது.

பதிலை தளத்தில் ‘Pending Actions’ பகுதிக்குள் ‘e-Proceedings’ வழியாக ஏற்ற வேண்டும். ஒரு பக்கக் கடிதம், மொத்த ₹7,09,000-ஐயும் பிரித்துக் காட்டும் பட்டியல், யூடியூப் பணத்துக்கான ஒன்பது வரிப் பட்டியல், அந்தந்த வரிசையில் சான்றுகள். சான்றில் வரிசை எண் போடுங்கள். ஏற்றியதும் வரும் ஒப்புகையை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உர கம்பெனியோ தெளிப்பான் கம்பெனியோ வீடியோவுக்காகக் கொடுத்த பணம் இந்தப் பட்டியலில் வராது. அது உள்நாட்டு வருமானம். இலவசமாகத் தந்த கருவி ஓர் ஆண்டில் ₹20,000-ஐத் தாண்டினால், 2022 ஜூலை முதல் அதற்கும் 10 சதவிகித வரிப் பிடித்தம் உண்டு. உங்கள் பான் எண்ணில் அது ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதிலை அனுப்புங்கள்.